அம்புக்குறி போடாமல் நிழலையும் காற்றையும் ரெண்டரில் காட்டுவது எப்படி: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடு ஒன்றை வைத்து ஒரு வழிகாட்டி

சன்ஷேடு, லூவர், நடுமுற்றம், எதிரெதிர் ஜன்னல் என்று வெயிலையும் காற்றையும் கணக்குப் பார்த்து ஒரு வீட்டை வரைந்திருப்பீர்கள். ரெண்டரைப் பார்க்கும் வீட்டுக்காரர் "பெயின்ட் கலர் நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். உடனே நீல அம்பும் சிவப்பு அம்பும் வரைந்து "குளிர்ந்த காற்று", "வெப்பக் காற்று" என்று எழுதத் தோன்றும். அதற்குத் தேவை இல்லை. தேதி, நேரம், கேமரா நிற்கும் இடம், திறந்த கதவு, திரைச்சீலை ஆகிய ஐந்தையும் சரியாக வைத்தால் படமே பேசிவிடும்.

கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பாலக்காட்டுக் கணவாயில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு மாடி வீடு. கிழக்கு மேற்காக 11 மீட்டர், தெற்கு வடக்காக 9 மீட்டர். தெற்குச் சுவர் ஜன்னல்கள் 120 செ.மீ. உயரம், அவற்றின் தலைக்கு மேலேயே சுவர் நீளம் முழுக்க ஓடும் 60 செ.மீ. சன்ஷேடு. மேற்கு ஜன்னல்களுக்கு சன்ஷேடோடு வெளியே சாய்ந்த மரப் பட்டை லூவர். மாடியில் தென்மேற்கு மூலையில் கூரையுள்ள பால்கனி, அதற்கு மேற்கு பார்த்த கதவு. வீட்டின் நடுவில் 2.4 மீட்டர் சதுர முற்றம். அதன் கண்ணாடிக் கூரை சுற்றுச்சுவரிலிருந்து 45 செ.மீ. தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது. மென்பொருளுக்கு பிளென்டரை எடுத்துக்கொள்கிறேன், இலவசம் என்பதால். வேறு எதில் செய்தாலும் கணக்கு இதேதான்.

1. முதலில் வாங்கி வைக்க வேண்டிய காகிதங்கள்

மாடலைத் திறப்பதற்கு முன் நான்கு விஷயங்கள் கையில் இருக்கட்டும். வடக்குக் குறி போட்ட சைட் பிளான். முற்றத்தின் வழியாக வெட்டிய செக்‌ஷன். கதவு ஜன்னல் பட்டியல். மனையில் நின்று நான்கு திசைக்கும் எடுத்த போட்டோ.

சைட் பிளானில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். தாளில் மேல்பக்கம் இருப்பது வடக்கு என்று எடுத்துக்கொள்கிறோம். வரைந்தவரோ ரோடு கீழே வரட்டும் என்று தாளைத் திருப்பி வைத்திருப்பார். "கிழக்கு வாசல்" என்று வீட்டுக்காரர் சொல்வதையும் அப்படியே எடுக்காதீர்கள். மனை 15 பாகை திரும்பியிருந்தாலும் அது கிழக்கு வாசல்தான். செயற்கைக்கோள் வரைபடத்தில் மனையைப் பார்த்து, ரோட்டின் கோணத்தை அளந்து உறுதி செய்யுங்கள். மொபைல் திசைகாட்டியை நம்புவதானால் கம்பிவேலி, வண்டி, போர்வெல் மோட்டார் இவற்றிலிருந்து தள்ளி நின்று பாருங்கள்.

ஜன்னல் பட்டியலில் பார்க்க வேண்டியது அளவை அல்ல, எப்படித் திறக்கிறது என்பதை. கீல் எந்தப் பக்கம், நகரும் கண்ணாடியா, மேலே வென்டிலேட்டர் தனியாகத் திறக்குமா, கொசு வலை உண்டா? இது தெரியாமல் காற்றைக் காட்ட முடியாது. பட்டியலில் இல்லையென்றால் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். ரெண்டர் முடிந்த பிறகு "அது ஸ்லைடிங்" என்று தெரிந்தால் பாதி வேலை வீண்.

2. தேதியையும் நேரத்தையும் கணக்குப் போட்டு எடுங்கள்

வெயில் தடுப்பைக் காட்ட வேண்டும் என்றதும் எல்லோரும் ஏப்ரல் மாத உச்சி வெயிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த அட்சரேகைக்கு அது மிக மோசமான தேர்வு. கொழிஞ்சாம்பாறை ஏறத்தாழ 10.75 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 18 வாக்கில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடும். உச்சி வேளையில் எந்தச் சுவரிலும் வெயில் படாது. வெயில் படாத சுவரில் நிழல் ஏது? சரி, பிற்பகலுக்குப் போவோம் என்றால், ஏப்ரல் 15 மாலை 3.30க்குச் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே 3 பாகை தள்ளி நிற்கும். தெற்குச் சுவர் முழுக்க நிழலில் மங்கிப் போகும். சன்ஷேடு வேலை செய்கிறதா இல்லையா என்றே தெரியாது.

டிசம்பர் 21க்குப் போனால் தெற்குச் சுவரில் நல்ல வெயில் இருக்கும். ஆனால் மாலை 3.30க்குச் சூரியன் 32 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும், 60 செ.மீ. சன்ஷேட்டின் நிழல் தெற்கு ஜன்னலில் 64 செ.மீ.தான் விழும். 120 செ.மீ. ஜன்னலில் பாதி வெயிலில் நிற்கும். குளிர்காலத்தில் அதில் தப்பில்லை. ஆனால் படம் பார்ப்பவருக்கு "இந்த சன்ஷேடு பத்தாது" என்றுதான் தோன்றும்.

இந்த வீட்டுக்குப் பொருந்தும் தேதி பிப்ரவரி 20, நேரம் மாலை 3.30. அப்போது சூரியனின் உயரம் சுமார் 42 பாகை, திசை வடக்கிலிருந்து வலமாகச் சுமார் 245 பாகை, அதாவது மேற்குத் தென்மேற்கு. நிழலின் நீளத்தை இப்படிக் கணக்கிடலாம்:

```
from math import tan, cos, radians as r
D, alt, sun, wall = 60, 41.7, 244.6, 180
print(D * tan(r(alt)) / cos(r(sun - wall)))
```

`D` என்பது சன்ஷேடு நீட்டம், செ.மீ.யில். `wall` என்பது சுவர் பார்க்கும் திசை: தெற்குக்கு 180, மேற்குக்கு 270. தெற்குச் சுவருக்கு விடை ஏறத்தாழ 125 செ.மீ. ஜன்னல் முழுக்க நிழலுக்குள், அதற்குக் கீழே சுவர் பளிச்சென்று வெயிலில். மேற்குச் சுவருக்கு 270 போட்டால் 59 செ.மீ.; சன்ஷேடு மட்டும் அங்கே பத்தாது. அதனால்தான் மேற்கில் லூவர் இருக்கிறது. தெற்கில் வெறும் சன்ஷேடு போதும், மேற்கில் கூடுதல் தடுப்பு வேண்டும் என்ற வடிவமைப்புக் காரணம் ஒரே படத்தில் ஒளியாலேயே தெரிந்துவிடுகிறது. இந்தத் தேதிக்கு இன்னொரு லாபமும் உண்டு, காற்றைப் பேசும்போது சொல்கிறேன்.

உங்கள் மனைக்கு இதே தேதி பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீடு 20 பாகை திரும்பியிருந்தால் கணக்கே மாறும். ஐந்தாறு தேதி நேரங்களைப் போட்டுப் பாருங்கள். ஜன்னல் நிழலிலும் பக்கத்துச் சுவர் வெயிலிலும் இருக்கும் நேரம்தான் உங்களுக்கு வேண்டியது. அரை மணி நேர வேலை இது.

3. சூரியனை மாடலில் வைப்பது

பிளென்டரில் `Sun Position` ஆட்-ஆன் வேண்டும். 4.2 பதிப்பிலிருந்து அது எக்ஸ்டென்ஷன் தளத்திலிருந்து தனியாக இறக்க வேண்டியது. `Latitude` 10.75, `Longitude` 76.83, `UTC Zone` 5.5, நாள் 20, மாதம் 2, நேரம் 15:30. `Daylight Savings` டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஒரு மணி நேரம் பிசகும். மாடலில் +Y தான் வடக்கு. வீட்டைத் திருப்பி வரைந்திருந்தால் `North Offset`-ஐச் சரிசெய்யுங்கள்.

வந்த எண்களை ஒருமுறை சரிபாருங்கள். உயரம் 42க்கும் திசை 245க்கும் ஒன்றிரண்டு பாகைக்குள் இருந்தால் சரி. ஏழெட்டுப் பாகை தள்ளினால் பெரும்பாலும் `UTC Zone` 5 என்று நின்றிருக்கும். இந்த ஊரில் பிப்ரவரியில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12.35ஐ ஒட்டி. 12 மணிக்கே நிழல் நேர் வடக்கே விழுந்தால் எங்கோ தப்பு என்று அர்த்தம்.

சூரிய விளக்கின் `Angle` 0.53 பாகைக்குப் பக்கத்தில் இருக்கட்டும், அதுதான் உண்மையான சூரியனின் அளவு. நிழல் மென்மையாக வரட்டும் என்று அதை 5க்கு ஏற்றினால் சன்ஷேட்டின் நிழல் விளிம்பு பல செ.மீ. கரைந்துபோகும், லூவர் பட்டைகளின் நிழலும் மங்கும். அதேபோல வானத்துக்கு HDRI படம் போட்டால், அதற்குள்ளேயே ஒரு சூரியன் இருக்கும். இரண்டு சூரியன், இரண்டு நிழல். HDRI வேண்டுமென்றால் மேகமூட்டமான ஒன்றை மங்கலாக வையுங்கள், இல்லையேல் `Sky Texture`-இல் சூரிய வட்டை அணைத்துவிட்டு வானத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

4. நிழல் எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும்

நிழல் சரியான இடத்தில் விழுந்தும் கண்ணில் படாமல் போவதற்கு முதல் காரணம், நிரப்பு ஒளி அதிகம். "படம் இருட்டாக இருக்கிறது" என்று யாராவது சொன்னதும் வானத்தின் ஒளியை ஏற்றிவிடுகிறோம். நிழலுக்குள்ளும் வெளிச்சம் புகுந்து சுவர் ஒரே சாம்பலாகிறது. இருட்டாக இருந்தால் `Exposure`-ஐ ஏற்றுங்கள், வானத்தைத் தொடாதீர்கள்.

அளவுக்கு ஒரு வழி: முடிந்த படத்தில் வெயில் படும் வெள்ளைச் சுவரின் பிக்சல் மதிப்பு 205 முதல் 220, அதே சுவரின் நிழல் பகுதி 95 முதல் 115 இருந்தால் கண் உடனே பிடிக்கும். நிழல் 150க்கு மேல் போனால் வெயில் சுடுவது தெரியாது. 70க்குக் கீழே போனால் ஜன்னல் கருங்குழியாகிவிடும், உள்ளே வீடு இருப்பதே மறந்துவிடும்.

சுவருக்குத் தூய வெள்ளை வேண்டாம். `Base Color` 0.65 முதல் 0.7 போதும், உண்மையான வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர்கூட அழுக்கோடு சேர்த்து அவ்வளவுதான் வெளிச்சத்தைத் திருப்பும். லூவர் பட்டைக்குச் சுவரின் நிறமே கொடுத்துவிட்டு "தெரியவில்லையே" என்று வருந்துவதிலும் அர்த்தமில்லை. தேக்கு நிறமோ அடர் சாம்பலோ கொடுத்தால் வெயில் படும் மேல்பக்கமும் நிழலான கீழ்ப்பக்கமும் பிரிந்து நிற்கும்.

5. லூவரை உண்மையான அளவில் வரையுங்கள்

படம் ஒட்டிய லூவர், பம்ப் மேப் லூவர் எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு பட்டையும் திடப்பொருளாக இருந்தால்தான் ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும். இந்த வீட்டில் பட்டை அகலம் 100 மி.மீ., ஒன்றுக்கொன்று 75 மி.மீ. இடைவெளி, வெளிப்பக்கம் கீழே 30 பாகை சாய்வு. சாய்ந்த பட்டையின் வெளி விளிம்பு 50 மி.மீ. இறங்குகிறது, ஆக மேல் பட்டையின் வெளி விளிம்புக்கும் கீழ்ப் பட்டையின் உள் விளிம்புக்கும் நடுவே உயரத்தில் 25 மி.மீ.தான் மிச்சம், அகலத்தில் 87 மி.மீ. சுவருக்கு நேராகப் பார்க்கும்போது 16 பாகைக்கு மேல் இருக்கும் சூரியன் உள்ளே வர முடியாது. பிப்ரவரி 20 அன்று மாலை 5.20 வரை இந்த லூவர் தாங்கும்.

இந்தக் கணக்கு எதற்கென்றால், ரெண்டரில் எல்லோருக்கும் பிடித்த ஒரு காட்சி இருக்கிறது: ஹால் தரையில் லூவரின் கோடு கோடான வெயில். பார்க்க அழகு. ஆனால் அந்தக் கோடுகள் சொல்லும் செய்தி, வெயில் உள்ளே வந்துவிட்டது என்பது. லூவர் தோற்றதற்கான சாட்சியை நாமே தரையில் வரைந்து கொடுக்கிறோம். கணக்குச் சரியாக இருந்தால் 3.30 மணிக்கு ஹால் தரையில் ஒரு கோடும் விழாது. பட்டைகளின் மேல்பக்கம் மட்டும் வெயிலில் மினுங்கும், அறைக்குள் மெல்லிய சீரான வெளிச்சம் இருக்கும். கோடு விழுந்தால் ஒன்று உங்கள் சூரியன் தப்பு, இல்லை லூவரின் சாய்வு தலைகீழ். வெளி விளிம்பு மேலே போகும்படி பட்டையைத் திருப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. மழையும் உள்ளே வரும் அந்த அமைப்பை இந்த ஊர் ஆசாரி பார்த்தால் சிரிப்பார்.

6. வெளிப் படத்துக்குக் கேமரா

சூரியன் உங்கள் முதுகுக்கு நேராக இருந்தால் நிழல்கள் எல்லாம் பொருட்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தென்மேற்கு மூலையைப் பார்க்க வேண்டும் என்று 225 பாகையில் கேமராவை வைத்தால் சூரியனுக்கும் உங்களுக்கும் 20 பாகைதான் வித்தியாசம், படம் தட்டையாகிவிடும். வீட்டிலிருந்து பார்த்தால் தெற்குத் தென்மேற்கே, 205 பாகையில் கேமராவை நிறுத்துங்கள். சூரியன் இடப்பக்கம் 40 பாகை தள்ளி நிற்கும். தெற்குச் சுவர் அகலமாகவும் மேற்குச் சுவர் ஒடுங்கியும் தெரியும். ஒடுங்கித் தெரிவதால்தான் லூவர் பட்டைகள் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. உயரம் 1.6 மீட்டர், நிற்கும் ஆளின் கண்மட்டம். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் சன்ஷேட்டின் அடிப்பக்கம் தெரியும்; பறவைப் பார்வையில் தெரியாது.

இங்கே ஒரு பிக்சல் கணக்கும் உண்டு. பெரும்பாலோர் படத்தை மொபைலில்தான் பார்ப்பார்கள். நிமிர்த்திப் பிடித்த மொபைலில் படம் 1080 பிக்சல் அகலம் என்று வையுங்கள். அதில் 11 மீட்டர் வீடு முக்கால்வாசியை அடைத்தால் ஒரு மீட்டருக்கு 74 பிக்சல், 75 மி.மீ. லூவர் இடைவெளிக்கு ஐந்தரைப் பிக்சல்தான். ஒரு பட்டையின் வெயிலும் நிழலும் பிரிய ஆறு பிக்சலாவது வேண்டும், இல்லையென்றால் சாம்பல் பூச்சாகிவிடும். இடைவெளியைக் கூட்டி ஏமாற்றாதீர்கள், அது கட்டப்போகும் வீடு. கேமராவை முன்னே கொண்டுபோய், தென்மேற்கு மூலையை மட்டும் நிமிர்ந்த சட்டத்தில் எடுங்கள். முழு வீடும் வேண்டுமென்று கேட்டால் அதைத் தனிப் படமாகக் கொடுக்கலாம்.

`Denoise` இங்கேதான் கெடுக்கும். மாதிரி எண்ணிக்கை குறைவாக இருந்தால் அது பட்டைகளை நாய்ஸ் என்று நினைத்து வழித்துவிடும். `Noise Threshold` 0.01 வைத்து, டினாய்சருக்கு `Albedo and Normal` கொடுத்தால் விளிம்புகள் நிற்கும்.

7. காற்று எந்தப் பக்கத்திலிருந்து

காற்று கண்ணுக்குத் தெரியாது, அது நுழைந்து வெளியேறும் வழியைத்தான் காட்ட முடியும். அதற்கு முதலில் அந்த மாதத்தில் அந்த ஊரில் காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்று. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வறண்ட கிழக்குக் காற்று. ஆக பிப்ரவரி 20 என்று தேதியை எடுத்த கணமே காற்றும் முடிவாகிவிட்டது: கிழக்கே நுழைந்து மேற்கே வெளியேறும். நான் சொன்ன லாபம் இதுதான். வெயில் மேற்கிலிருந்து, காற்று கிழக்கிலிருந்து. ஒன்றை அடைத்தாலும் இன்னொன்று வரும் வழி திறந்தே இருக்கிறது.

வெளிப் படத்தில் காற்றுக்கு மூன்று அடையாளம் போதும். பால்கனிக் கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும், அதிலிருந்து மெல்லிய திரை வெளிப்பக்கமாக 30 செ.மீ. உப்பி நிற்கட்டும். வெளியே தள்ளப்படும் திரையைப் பார்த்தால், காற்று வீட்டுக்குள் புகுந்து இந்தப் பக்கம் வருகிறது என்று யாரும் சொல்லாமலே புரியும். கேமரா 205 பாகையில் நிற்பதால் அந்தத் திரை பக்கவாட்டில் தெரியும், உப்பல் மறையாது. மூன்றாவது, தென்னை. ஓலைகள் மேற்கே, அதாவது படத்தில் இடப்பக்கம், சாய வேண்டும். பனை நம் பக்கத்துக்கு அழகுதான், ஆனால் அதன் விறைத்த மட்டை லேசான காற்றைக் காட்டாது, பின்னணிக்கு வையுங்கள்.

கம்பிக் கிரில் இருக்கும் ஜன்னலில் திரை வெளியே பறக்க முடியாது. கிரில்லோடு ஒட்டி, கம்பியின் தடம் திரையில் பதியும். ரெண்டரில் திரை கிரில்லை ஊடுருவிக்கொண்டு பறந்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் பொய் என்று பட்டுவிடும். பறக்கும் திரையைக் கதவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

8. உள் படம்: காற்றின் வழி

நிழல், காற்று இரண்டையும் ஒரே படத்தில் அடைக்க முயன்றால் இரண்டும் அரைகுறையாகும். காற்றுக்குத் தனியாக ஓர் உள் படம் எடுங்கள். வீட்டின் தெற்குப் பக்கம் நின்று வடக்கே பாருங்கள்: இடப்பக்கம் ஹாலின் மேற்கு லூவர் ஜன்னல், நடுவில் முற்றம், வலப்பக்கம் சாப்பாட்டு அறையின் கிழக்கு ஜன்னல். லென்ஸ் 24 மி.மீ. போதும், அதற்கும் கீழே போனால் அறை நீண்டு, ஜன்னல்கள் ஒன்றுக்கொன்று எதிரே இருப்பது தெரியாமல் போகும்.

எதிரெதிர் திறப்பு இரண்டும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும், இரண்டும் திறந்திருக்க வேண்டும். தயார் மாடலாக இறக்கும் ஜன்னல்கள் எல்லாம் மூடியபடிதான் வரும். கதவை 70 பாகைக்காவது திறந்து வையுங்கள். 20 பாகை திறந்தால் மூடியது போலவே தெரியும். கொசு வலையைத் திடமான சாம்பல் பரப்பாக வைக்காதீர்கள், முக்கால்வாசி ஒளி கடக்கும்படி வைத்தால்தான் திறந்த ஜன்னல் என்று தெரியும். கிழக்கு ஜன்னலுக்கு வெளியே வெளிச்சமான தோட்டமோ வயலோ இருக்கட்டும். இருண்ட அறையைத் தாண்டித் தெரியும் அந்தப் பச்சைச் சதுரம் கண்ணை இழுத்துக்கொண்டு போகும், காற்று வரும் அதே கோட்டில்.

திரைகளுக்கு ஒரே விதி: படத்தில் எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும். கிழக்கு ஜன்னல் திரை அறைக்குள் உப்பும், அதாவது இடப்பக்கம். மேற்கு ஜன்னல் திரை கிரில்லோடு ஒட்டும், அதுவும் இடப்பக்கம். இரண்டு திரையும் அறைக்குள் உப்பினால் காற்று இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் முட்டுகிறது என்று அர்த்தமாகும். துணி சிமுலேஷன் போட்டால் மேல் விளிம்பை மட்டும் `Pin Group`-இல் வைத்து, `Wind` விசையைக் கிழக்கிலிருந்து மேற்கே திருப்பி, துணி ஒரு நிலைக்கு வந்த பிறகு ஒரு பிரேமை எடுங்கள். அடி விளிம்பு 20 முதல் 30 செ.மீ. நகர்ந்தால் போதும். மீட்டர் கணக்கில் பறந்தால் புயலாகிவிடும், பார்ப்பவர் ஜன்னலை மூடத்தான் நினைப்பார்.

சீலிங் ஃபேன் இருந்தால் அதை நிறுத்தி வையுங்கள், இறக்கைகள் கூர்மையாகத் தெரியட்டும். ஃபேன் நிற்கிறது, திரை அசைகிறது. வேறு விளக்கமே தேவையில்லை. சுழலும் மங்கலோடு ஃபேனைப் போட்டால் திரையின் அசைவு முழுக்க அதன் கணக்கில் போய்விடும்.

அடுத்தது முற்றம். சூடான காற்று மேலே போய் வெளியேறும் அந்த 45 செ.மீ. இடைவெளி படத்தில் வந்தாக வேண்டும். கண்மட்டக் கேமராவுக்கு அது எட்டாது. கேமராவை மேலே சாய்த்தால் சுவர்கள் சரியும். சாய்க்காமல் `Shift Y` கொடுத்துச் சட்டத்தை மேலே நகர்த்துங்கள். இடைவெளி வழியாக ஒரு கீற்று நீல வானம் தெரிந்தால் அது திறப்பு. தெரியாவிட்டால் கறுப்புப் பட்டை, பார்ப்பவர் பீம் என்று நினைப்பார். கூரைக்கு வெறும் கண்ணாடி வைத்து விளிம்பை மூடிவிட்டால் அது வெளிச்சம் வரும் துளை மட்டுமே, காற்றுக்கு அதில் வேலையில்லை.

முற்றத்தில் வெயில் கிழக்குச் சுவரின் மேல்பகுதியிலும் வடக்குச் சுவரின் மேல்பகுதியிலும் மட்டும் விழும், 2.4 மீட்டர் அகல முற்றத்தில் இந்த நேரத்தில் வெயில் மேலிருந்து ஏறத்தாழ 2.4 மீட்டர்தான் இறங்கும், தரை நிழலிலேயே இருக்கும். சைக்கிள்ஸில் கூரைக்கு `Glass BSDF` வைத்தால் வெயில் ஒழுங்காக உள்ளே வராது, இருட்டும் புள்ளியுமாக வரும். நிழல் கதிருக்கு மட்டும் `Transparent BSDF` ஆகும்படி `Light Path` வைத்துக் கலந்துவிடுங்கள்.

9. நேரமும் செலவும்

நிழலுக்கு அதிகச் செலவில்லை. சூரியக் கணக்கு, லூவர் மாடல், ஒளி அளவு எல்லாம் சேர்த்து அரை நாள். காற்றுதான் விலை கேட்கும். உள்ளறை, எதிர்ச் சுவர், வெளித் தோட்டம், திரை என்று ஒரு முழு நாளாவது கூடும், திரை சிமுலேஷன் பழக்கமில்லை என்றால் இன்னும் அரை நாள். வெளிப் படத்துக்கு மட்டும் விலை பேசிவிட்டு உள் படத்தை இலவசமாகச் சேர்ப்பவர்கள் பிறகு நொந்துகொள்கிறார்கள். தொடக்கத்திலேயே இரண்டு படம், இரண்டு விலை என்று எழுதிக் கொடுங்கள். தேதியும் நேரமும் முடிவானதும் 800 பிக்சல் அகலத்தில் வெறும் சாம்பல் மாடலை அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். "மாலை வெளிச்சம் போடுங்க, சிவப்பா இருக்கட்டும்" என்று கடைசியில் ஒருவர் சொன்னால் மேலே சொன்ன கணக்கெல்லாம் சரியும். அது புதுப் படம், திருத்தமில்லை என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

10. அனுப்பும் முன் சோதனை

படத்தை மொபைலில் ஏற்றி, நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கி, இந்த வேலையே தெரியாத ஒருவரிடம் ஐந்து விநாடி காட்டுங்கள். "லூவர் தெரியுதா?" என்று கேட்காதீர்கள், கேட்டாலே தேடிக் கண்டுபிடித்துவிடுவார். வெயில் எந்தப் பக்கம், வீட்டுக்குள் வெயில் விழுகிறதா, காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்ற மூன்று கேள்வி போதும். முதலிரண்டுக்குப் பதில் தடுமாறினால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். நிழலின் அடர்த்தி பத்தவில்லை. மூன்றாவதில் "காற்று இருக்கு, ஆனா எங்கிருந்துன்னு தெரியல" என்று சொன்னால் எதிர் ஜன்னல் படத்தில் விழவில்லை, இல்லை திரைகள் ஒரே பக்கம் சாயவில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் அது சுருக்கும் சுருக்கில் முதலில் காணாமல் போவது லூவர்ப் பட்டைகளின் கோடுதான்.